ஆறு வீலர், பத்து வீலர், பன்னெண்டு வீலர்: எது எத்தனைன்னு எல்.பி.ல எழுதுறது எப்படி

கேள்வி: நாமக்கல்ல சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனி. ஆறு வீலர், பத்து வீலர், பன்னெண்டு வீலர் மூணுல எது எத்தனை வாங்கலாம்னு பாக்கறோம். முன்பணத்துக்கு கையில 1 கோடியே 25 லட்சம், மீதி லோன். டிரைவர் 30 பேர், அதுல எப்பவும் நாலு பேர் லீவுல இருப்பாங்க. யார்டுல 16 வண்டி நிக்கும். இத லீனியர் புரோகிராமா எப்படி எழுதணும், வேரியபிள் என்ன, அப்ஜெக்டிவ் என்ன, கன்ஸ்ட்ரெயிண்ட் என்ன?

பதில்:

மொதல்ல வேரியபிள். மூணு வண்டி, அதனால மூணு வேரியபிள்னு தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க, ஆனா இங்க அது பத்தாது. வேரியபிள்ங்கிறது வண்டியோட பேரு இல்லைங்க, நீங்க எடுக்கப்போற முடிவு. பத்து வீலர ஒரு டிரைவர் போட்டும் ஓட்டலாம், ரெண்டு பேர் போட்டு மாத்தி மாத்தியும் ஓட்டலாம். ஷோரூம்ல ரெண்டும் ஒரே வண்டி, ஆனா மாசத்துக்கு ஓடுற கிலோமீட்டர் வேற, சம்பளம் வேற, 26 டிரைவர்ல எத்தனை பேர தின்னும்ங்கிறதும் வேற. அதனால அது ரெண்டு வேரியபிள். ஆறு வீலருக்கு ரெண்டு டிரைவர் யாரும் போடப்போறதில்ல, பன்னெண்டு வீலர லாங் ரூட்ல ஒத்த டிரைவரோட நீங்க விடமாட்டீங்கன்னு வெச்சுக்கறேன். ஆக மொத்தம் நாலு:

x1 = ஆறு வீலர், ஒரு டிரைவர்
x2 = பத்து வீலர், ஒரு டிரைவர்
x3 = பத்து வீலர், ரெண்டு டிரைவர்
x4 = பன்னெண்டு வீலர், ரெண்டு டிரைவர்

நாலும் வண்டி எண்ணிக்கை, எதுவும் பூஜ்யத்துக்கு கீழ போகாது.

அடுத்தது அப்ஜெக்டிவ், இங்க தான் நின்னு யோசிக்கணும். பாடப்புத்தகத்துல இந்த மாதிரி கணக்கு வந்தா பெரும்பாலும் ஒரு நாளைக்கு எத்தனை டன்-கிலோமீட்டர் ஓட்டுறோமோ அத மேக்ஸிமைஸ் பண்ணச் சொல்லுவாங்க. வேகம், மணி நேரம், ஏத்துற எடை மூணையும் பெருக்கினா போதும், ஈஸியா இருக்கும். ஆனா சின்ன வண்டிக்கு டன்னுக்கு கிடைக்கிற வாடகை அதிகம், பெரிய வண்டிக்கு கம்மி, அந்த வித்தியாசம் டன்-கிலோமீட்டர்ல சுத்தமா தெரியாது. உங்களுக்கு வேண்டியது மாசக் கடைசியில கையில நிக்கிற பணம், அதனால மாச லாபத்தையே வைங்க.

ஒரு கோஎஃபிஷியண்ட் எப்படி வருதுன்னு முழுசா காட்டறேன், நம்பர் எல்லாம் ஒரு உதாரணத்துக்கு நான் வெச்சது, உங்க டிரிப் ஷீட்ட எடுத்து உங்க நம்பர போட்டுக்கங்க. ரெண்டு டிரைவர் போட்ட பத்து வீலர் மாசம் 9,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க. அதுல 85 சதவீதம் லோடோட, மீதி காலியா. அப்ப லோடு கிலோமீட்டர் 7,650. கிலோமீட்டருக்கு வாடகை 58 ரூபான்னா வரவு 4,43,700. செலவு 9,000 கிலோமீட்டருக்கும் உண்டு, காலியா ஓடினாலும் டீசல் குடிக்கும்ல. லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 92 ரூபான்னா கிலோமீட்டருக்கு 23, டோல், டயர், மெயின்டெனன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு 9, ஆக 32 ரூபா, மொத்தம் 2,88,000. ரெண்டு டிரைவருக்கு சம்பளம் பேட்டா எல்லாம் சேர்த்து 50,000. இ.எம்.ஐ., இன்சூரன்ஸ், டாக்ஸ் மாசத்துக்கு 72,000. எல்லாத்தையும் கழிச்சா நிக்கிறது 33,700. ரவுண்டா 34 ஆயிரம்.

இதே வண்டிய ஒத்த டிரைவரோட விட்டா? நாளைக்கு 8 மணி நேரம் ஸ்டியரிங், சராசரி 30 கிலோமீட்டர் வேகம், மாசம் 25 நாள், ஆக 6,000 கிலோமீட்டர். (8 மணி நேரம்ங்கிறது 1961 மோட்டார் டிரான்ஸ்போர்ட் வொர்க்கர்ஸ் ஆக்ட்ல இருந்தே இருக்கிற அளவு, 14 மணி நேரம் ஓட்டுவான்னு கணக்குல போட்டா மாடல் அழகா லாபம் காட்டும், ரோட்டுல ஆள் தூங்கிடுவான்.) வரவு 2,95,800, ஓட்டுற செலவு 1,92,000, சம்பளம் 25,000, ஆனா இ.எம்.ஐ. அதே 72,000 தான், பேங்க்காரன் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு கேக்க மாட்டான். நிக்கிறது 6,800. டிரைவர் ஒண்ணுல இருந்து ரெண்டானா கிலோமீட்டர் ரெண்டு மடங்கு ஆகலைங்கிறதையும் கவனிங்க, 12,000 வராம 9,000ல நிக்குது, ஏன்னா லோடிங் அன்லோடிங்குக்கு கியூவுல நிக்கிற நேரத்த எத்தனை டிரைவர் இருந்தாலும் குறைக்க முடியாது. அப்படியும் லாபம் அஞ்சு மடங்கு.

இதே மாதிரி மத்த ரெண்டும் போட்டேன். ஆறு வீலர் 6,000 கிலோமீட்டர், வாடகை 48, ஓட்டுற செலவு 24, ஒரு டிரைவர், இ.எம்.ஐ. வகையறா 52,000, நிக்கிறது 23,800. பன்னெண்டு வீலர் 8,500 கிலோமீட்டர், வாடகை 72, செலவு 40, ரெண்டு டிரைவர், இ.எம்.ஐ. வகையறா 90,000, நிக்கிறது 40,200. ஆக ஆயிரம் ரூபா கணக்குல 24, 7, 34, 40.

ஒரு விஷயம், வாடகைய கணக்கு போடும்போது ஏத்துற எடைய சட்டப்படி வைங்க. 2018ல ஆக்சில் லோடு அளவ ஏத்தினாங்க, ஆறு வீலருக்கு வண்டி எடையோட சேர்த்து 16.2 டன்னா இருந்தது 18.5 ஆச்சு. அதுல இருந்து உங்க வண்டிய பாடி கட்டின பிறகு வே-பிரிட்ஜ்ல காலியா ஏத்தி எடை பாத்து கழிக்கணும். ஓவர்லோடு ஏத்தி வர்ற வாடகைய கோஎஃபிஷியண்ட்ல வெச்சா மாடல் அந்த வண்டியையே இன்னும் வாங்குன்னு சொல்லும்.

கன்ஸ்ட்ரெயிண்ட் மூணு தான். முன்பணம் வண்டிக்கு 5, 8, 8, 10 லட்சம்னு எடுத்துக்கறேன். வண்டியோட முழு விலைய இங்க போட்றாதீங்க, மீதி கடன் இ.எம்.ஐ.யா அப்ஜெக்டிவ்ல ஏற்கனவே கழிஞ்சாச்சு, ரெண்டு எடத்துலயும் கழிச்சா பெரிய வண்டி எதுவுமே தேறாது. டிரைவர் 30 இல்ல, 26. கடைசியா யார்டு 16. எழுதினா இப்படி வரும்:

```
Maximize
 profit: 24 x1 + 7 x2 + 34 x3 + 40 x4
Subject To
 down:   5 x1 + 8 x2 + 8 x3 + 10 x4 <= 125
 driver: x1 + x2 + 2 x3 + 2 x4 <= 26
 yard:   x1 + x2 + x3 + x4 <= 16
General
 x1 x2 x3 x4
End
```

முன்பணம் வரி லட்சத்துல இருக்கு, லாபம் ஆயிரத்துல இருக்கு, அதுல தப்பில்ல, ஒரே வரிக்குள்ள யூனிட் கலக்காம இருந்தா போதும். எக்செல் சால்வர்லயும் இத போடலாம், இல்லன்னா இத fleet.lp னு சேவ் பண்ணி GLPKங்கிற சால்வர்ல ஓட்டலாம்:

```
glpsol --lp fleet.lp -o fleet.txt
glpsol --lp fleet.lp --nomip -o relax.txt
```

மொத வரி முழு எண் விடை தரும். ரெண்டாவது, முழு எண்ணா தான் வேணும்னு சொல்ற General பகுதிய கண்டுக்காம சும்மா எல்.பி.யா போடும். ரெண்டையும் ஓட்டுங்க, ஏன்னு சொல்றேன்.

சும்மா எல்.பி.யா போட்டா x1 = 6, x2 = 0, x3 = 2.5, x4 = 7.5, லாபம் 529, அதாவது மாசம் 5.29 லட்சம். அரை வண்டி வாங்க முடியாதே. எல்லாரும் ரவுண்டு பண்ணுவாங்க. 6, 2, 8 னு போட்டா முன்பணம் 126 ஆகுது, ஒரு லட்சம் இடிக்குது. 6, 3, 7 னு போட்டா 124, டிரைவர் 26, வண்டி 16, எல்லாம் உள்ள அடங்குது, லாபம் 526. சரி இதுவே போதும்னு தோணும். ஆனா முழு எண்ணா ஓட்டினா வர்ற விடை ஆறு வீலர் 7, பன்னெண்டு வீலர் 9, பத்து வீலர் ஒண்ணு கூட கிடையாது. முன்பணம் சரியா 125, டிரைவர் 25 போதும், வண்டி 16, லாபம் 528. பாருங்க, ரவுண்டு பண்ணினதுக்கும் இதுக்கும் லாபத்துல ரெண்டாயிரம் தான் வித்தியாசம், ஆனா வண்டி செட்டே வேற. 16 வண்டி அளவுல இருக்கிற கம்பெனிக்கு ரவுண்டு பண்றது சரிப்பட்டு வராது, General வரி கட்டாயம் வேணும். 500 வண்டி கம்பெனின்னா அரை வண்டி வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

அப்ப எதுக்கு ரெண்டாவது வரின்னா, அதுல தான் ஷேடோ பிரைஸ் கிடைக்கும், GLPK ரிப்போர்ட்ல Marginal னு ஒரு column இருக்கும். இங்க முன்பணத்துக்கு 3, டிரைவருக்கு 1, யார்டுக்கு 8. அதாவது முன்பணம் இன்னும் ஒரு லட்சம் இருந்தா மாச லாபம் 3,000 கூடும் (இது 130 லட்சம் வரைக்கும் தான் செல்லும், அதுக்கு மேல நம்பர் மாறிடும்). ஒரு டிரைவர் கூட கிடைச்சா 1,000, அதுவும் அவர் சம்பளம் கழிச்ச பிறகு, ஏன்னா சம்பளத்த மேலயே கழிச்சாச்சு. யார்டுல ஒரு வண்டி நிக்க இடம் கூட இருந்தா 8,000.

இந்த 8,000 எங்கிருந்து வருதுன்னு கையாலயே பாத்துரலாம். ஒரு பன்னெண்டு வீலர விட்டுட்டு அதுக்கு பதிலா ரெண்டு ஆறு வீலர் எடுங்க. முன்பணம் அதே 10 லட்சம். டிரைவர் அதே ரெண்டு பேர். இடம் மட்டும் ஒண்ணு கூட வேணும். லாபம் 40 போய் 48 வருது. அவ்ளோ தான். முழு எண் விடையிலயும் இது அப்படியே நடக்கும், 7-9 ங்கிறது 9-8 ஆகும், 528 ங்கிறது 536 ஆகும். டிரைவர் கிடைக்கலைங்கிறது தான் லாரி ஓனர்ஸ் எல்லாருக்கும் பெரிய தலைவலி, நீங்களும் அதத்தான் மொதல்ல நினைச்சிருப்பீங்க, ஆனா இந்த நம்பருக்கு உங்கள இறுக்கிப் பிடிக்கிறது டிரைவர் இல்ல, யார்டு. பக்கத்துல ஒரு காலி கிரவுண்ட வண்டிக்கு மாசம் 8,000க்கு கம்மியா வாடகைக்கு எடுக்க முடிஞ்சா எடுத்தது லாபம். அதோட இன்னொண்ணு கேளுங்க, 16ங்கிறது நெஜமாவே கட்டாயமா? லாங் ரூட் வண்டி எல்லாம் ஒரே நேரத்துல யார்டுக்கு வர்றது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தான்.

ஆனா யார்டு வரிய மொத்தமா தூக்கிட்டு ஓட்டிப் பாருங்க, 25 ஆறு வீலர் வாங்கு, லாபம் 6 லட்சம்னு சொல்லும். இப்படி எல்லாமே ஒரே டைப்பா வந்து விழுந்தா சந்தோஷப்படாதீங்க, ஒரு கன்ஸ்ட்ரெயிண்ட் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். இங்க விட்டது மார்க்கெட். 25 சின்ன வண்டிக்கும் தினம் கிலோமீட்டருக்கு 48 ரூபா வாடகையில லோடு குடுக்க உங்க புக்கிங் ஆபீஸ்ல ஆள் இருக்கா? பன்னெண்டு வீலருக்கும் அதே கேள்வி தான். உங்க கையில இருக்கிற பார்ட்டிங்கள வெச்சு பன்னெண்டு வீலர் ஆறுக்கு மேல லோடு தேறாதுன்னா `x4 <= 6` னு ஒரு வரி சேருங்க. அப்ப விடை ஆறு வீலர் 6, பத்து வீலர் 4, பன்னெண்டு வீலர் 6. லாபம் 520. ஒன்பதுல இருந்து ஆறா குறைச்சும் மாசத்துக்கு போனது எட்டாயிரம் தான், முன்பணத்துல மூணு லட்சம் கையில மிச்சம். நானா இருந்தா இந்த கலவையத் தான் எடுப்பேன், ஒரு சைஸ் லோடு படுத்தாலும் மத்த ரெண்டும் ஓடிட்டிருக்கும், அந்த ரிஸ்க்க இந்த எல்.பி. கணக்குல எடுக்கறதே இல்ல.

x2 ஏன் பூஜ்யம்னும் ரிப்போர்ட்லயே தெரியும். ஒத்த டிரைவர் பத்து வீலர் ஒண்ணு எடுத்தா அது 8 லட்சம் முன்பணம், ஒரு டிரைவர், ஒரு இடம் பிடிக்குது, ஷேடோ பிரைஸ்ல 24 + 1 + 8 = 33 ஆயிரம் மதிப்புள்ள வசதி. திருப்பி குடுக்கிறது 7. வம்படியா ஒண்ணு சேர்த்தா மாசம் 26,000 போச்சு. இந்த வேரியபிள தனியா எழுதாம பத்து வீலர்னு ஒரே வேரியபிளா விட்டிருந்தா சராசரி லாபம்னு ஒரு நம்பர் போட்டிருப்பீங்க, நல்ல முறையும் மோசமான முறையும் அதுக்குள்ள கலந்து போயிருக்கும்.

மேல சொன்ன டன்-கிலோமீட்டர் அப்ஜெக்டிவையும் இதே கன்ஸ்ட்ரெயிண்ட்ல போட்டுப் பாத்தேன், 11, 19, 25 டன் ஏத்துறதா வெச்சு. பத்து வீலர் 3, பன்னெண்டு வீலர் 10னு வருது, ஆறு வீலர் கிட்டயே போகல. அந்த செட்டோட மாச லாபம் 502, அதாவது நம்ம 528ஐ விட 26,000 கம்மி. டன் கணக்கு பெருசா தெரியும், பேங்க் பேலன்ஸ் சின்னதா இருக்கும்.

இப்ப நீங்க கட்டாயம் பண்ண வேண்டிய ஒரு வேலை. 85 சதவீதம் லோடுன்னு எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர் வெச்சேன்ல, இந்த மாடல்லயே ரொம்ப ஆபத்தான நம்பர் அது தான். பன்னெண்டு வீலருக்கு அது ஒரே ஒரு சதவீதம் குறைஞ்சு 84 ஆச்சுன்னா லோடு கிலோமீட்டர் 85 குறையும், 72 ரூபா வீதம் 6,120 போகும், ஆனா செலவு ஒரு பைசா குறையாது. 40 ங்கிறது 34 ஆயிடும், பத்து வீலரோட சமம், ஆனா முன்பணம் ரெண்டு லட்சம் கூட. 83 ஆச்சுன்னா 28, அப்ப எல்.பி. ஒரு பன்னெண்டு வீலர் கூட எடுக்காது, ஆறு வீலர் 6, பத்து வீலர் 10னு மொத்த விடையும் மாறிடும், முன்பணத்துல 15 லட்சம் சும்மா நிக்கும். ரெண்டே ரெண்டு சதவீதத்துல ஒன்பது வண்டி பூஜ்யம் ஆகுது. பெரிய வண்டிக்கு ரிட்டன் லோடு கிடைக்கிறது கஷ்டம், காத்துக் கிடக்கணும் இல்ல பாதி லோடோட வரணும், அதனால மூணு டைப்புக்கும் ஒரே சதவீதம் இருக்கவே இருக்காது.

அதனால கடந்த ஆறு மாச டிரிப் ஷீட்ட எடுத்து வண்டி டைப் வாரியா போன நடை எத்தனை, வந்த நடை எத்தனை, அதுல காலியா ஓடின கிலோமீட்டர் எவ்ளோன்னு தனித்தனியா கூட்டுங்க. பன்னெண்டு வீலர் இப்ப உங்ககிட்ட இல்லன்னா வெச்சிருக்கிற தெரிஞ்ச ஓனர் ஒருத்தர்கிட்ட அவரோட ஷீட்ட கேட்டு பாருங்க, வாய்க்கணக்கா சொல்றத வாங்காதீங்க, எல்லாரும் போற நடைய மட்டும் நினைச்சு சொல்லுவாங்க. மூணு டைப்புக்கும் வர்ற சதவீதத்த தனித்தனியா போட்டு கோஎஃபிஷியண்ட் மறுபடி எடுத்து, ஒவ்வொண்ணையும் ரெண்டு சதவீதம் கீழயும் மேலயும் தள்ளி ஓட்டுங்க. எல்லா தடவையும் விடையில நிக்கிற வண்டிகளுக்கு மட்டும் இப்ப முன்பணம் கட்டுங்க, வந்து வந்து போற வண்டிய அடுத்த ஆறு மாச ஷீட்ட பாத்துட்டு வாங்கிக்கலாம்.